தனிஷ்க் பலகையின் சின்ன வரி

எண்ணெய்ச்செக்கு: எங்கள் குடும்பம் இருபது ஆண்டுகளாகக் கடலை எண்ணெய் விற்கிறது. இப்போது சோப்புத் தூளும் ஊதுபத்தியும் கொண்டுவருகிறோம். டைட்டனே கடிகாரம், நகை, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் ஒரே பெயரில்தானே விற்கிறது? நாங்களும் எண்ணெயின் பெயரையே போடலாமா?

ஓசூர்வாசி: எங்கள் ஊரில் தொழிற்சாலை வைத்திருக்கும் நிறுவனத்தைப் பற்றி இப்படி எழுதுவதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. டைட்டன் நகையை டைட்டன் என்ற பெயரில் விற்கவில்லை. தனிஷ்க் என்ற பெயரில் விற்கிறது. கடிகாரம் வாங்குபவர் நேரம் சரியாகக் காட்டுகிறதா என்றுதான் பார்ப்பார். நகை வாங்குபவரோ தங்கம் எவ்வளவு சுத்தம் என்று கேட்பார். இவை வேறு வேறு நம்பிக்கைகள். 1990களில் 18 காரட் நகையோடு கடை திறந்து, 22 காரட்டுக்குப் பழகிய நம் மக்களிடம் அடிபட்டு, சில ஆண்டுகள் நஷ்டத்தில் ஓடியபோதும், அந்தக் கெட்ட பெயர் கடிகாரத்தின் மீது படியவில்லை. மூக்குக்கண்ணாடிக்கு மட்டும் 2007இல் டைட்டன் பெயரைப் போட்டார்கள். அதுவும் துல்லியமாக அளந்து செய்யும் பொருள் என்பதால் அந்தப் பெயர் அங்கே பொருந்துகிறது.

கணக்கர்: தனிஷ்க் கடைப் பலகையை ஒருமுறையாவது நிமிர்ந்து பார்த்தீர்களா? பெயருக்குக் கீழே, டாடாவின் தயாரிப்பு என்று சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறது. எனவே அதுவும் ஒரே குடைதான். விவாதம் முடிந்தது.

ஓசூர்வாசி: முடியவில்லை, ஐயா. அந்த வரி அடியில் நிற்கும் சாட்சிக் கையெழுத்து மாதிரி. அதைப் பெயர் என்று சொல்ல முடியாது. 'டாடா வளையல் வாங்கினேன்' என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னதுண்டா? டாடா குழுமத்தின் தாய் நிறுவனமான டாடா சன்ஸ், டைட்டன் போன்ற குழும நிறுவனங்களிடம் தன் பெயருக்குக் கட்டணம் வாங்கும் முறையிலேயே இந்த வேறுபாடு இருக்கிறது. டாடா என்பதைத் தன் பெயரிலேயே வைத்திருக்கும் நிறுவனத்துக்கு விற்பனையில் 0.25 சதவீதம், மறைமுகமாகப் பயன்படுத்தும் நிறுவனத்துக்கு 0.15 சதவீதம் என்றுதான் அந்த ஏற்பாடு தொடங்கியது. இரண்டும் ஒன்று என்றால் இரண்டு விலை எதற்கு?

கணக்கர்: 0.15 என்பது பூஜ்யம் அல்லவே. சும்மா கிடக்கும் வரிக்கு யார் காசு கொடுப்பார்கள்? அந்த வரி இல்லாதிருந்தால், 18 காரட் அடியிலேயே கடை மூடியிருக்கும்.

ஈரோட்டுக்காரி: பலகைச் சண்டைக்கு நடுவே ஒன்றைச் சொல்கிறேன். சிற்றூர்களுக்கென்று அதே நிறுவனம் கோல்டு பிளஸ் என்று தனிப் பெயரில் நகைக்கடை நடத்தியது. என் அம்மா அங்கேதான் வளையல் வாங்கினார். பிறகு அந்தக் கடைகளைத் தனிஷ்க்கோடு சேர்த்துவிட்டார்கள். தனிப் பெயர் அவ்வளவு நல்லதென்றால் அதை ஏன் கைவிட்டார்கள்?

ஓசூர்வாசி: அம்மா, அது நகைக்குள்ளேயே இரண்டு பெயர்; எண்ணெய்க்காரர் கேட்டதோ ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பொருள்களைப் பற்றி. தனிஷ்க்கைக் காப்பாற்றியது கணக்கர் சொல்லும் வரியும் அல்ல. நகையை உருக்காமல், ஊடுகதிரால் சில நிமிடங்களில் சுத்தத்தைக் காட்டும் காரட்மீட்டரைக் கடையில் வைத்து, மற்ற கடைகளில் வாங்கிய நகையையும் கொண்டுவரச் சொன்னார்கள். தங்கள் பழைய நகை 22 காரட்டுக்குக் குறைவு என்பதைப் பலர் தங்கள் கண்ணாலேயே பார்த்தார்கள்.

கணக்கர்: முன்பின் தெரியாத கடை அந்தக் கருவியை வைத்திருந்தால், பொய் எண் காட்டுகிறது என்று சொல்லியிருப்பீர்கள். அந்த எண்ணை நம்ப வைத்தது பலகையின் கீழ் வரி. மறுபடியும் சொல்கிறேன்: கீழ் வரி.

மிளகாய்த்தூள்: மசாலாவையும் தரை கழுவும் திரவத்தையும் ஒரே பெயரில், ஒரே சிவப்பு உறையில் போட்டோம். மூன்றாம் மாதம், மிளகாய்த்தூளில் பினாயில் வாசம் அடிக்கிறது என்று கடைக்காரர்கள் பைகளைத் திருப்பி அனுப்பினார்கள். நான் பிரித்து முகர்ந்து பார்த்தேன். மிளகாய் நெடியைத் தவிர வேறு எதுவும் இல்லை.

கணக்கர்: அது உறையின் நிறத்தால் வந்த வினை. பெயரைக் குற்றம் சொல்லாதீர்கள்.

ஓசூர்வாசி: நிறத்தால் என்றால், திரும்பி வந்தது ஏன் மசாலா மட்டும்? வாயில் போடும் பொருள்தான் முதலில் சந்தேகத்துக்கு ஆளாகும். எண்ணெய்க்காரரே, இன்னொன்றையும் பாருங்கள். சமையல் எண்ணெய்க்கு வர்த்தகக் குறி வகுப்பு 29. சோப்புத் தூளுக்கும் ஊதுபத்திக்கும் வகுப்பு 3. எண்ணெய்க்குப் பதிந்த பெயர் அப்படியே சோப்புக்குப் பாதுகாப்பாகிவிடாது. வகுப்பு 3இல் அதே பெயரை வேறொருவர் ஏற்கெனவே பதிந்திருக்கவும் கூடும். ஒரே பெயர் என்றால் பதிவுச் செலவு மிச்சம் என்று நினைத்தால், அதுவும் இல்லை.

எண்ணெய்ச்செக்கு: எண்ணெயை இருபத்தெட்டுக் கடைகளில் பெயரைச் சொல்லித்தான் கேட்டு வாங்குகிறார்கள். புதுப் பெயரை அங்கே ஊன்ற விளம்பரப் பணம் யார் தருவார்? எங்கள் பெயரைச் சின்னதாகக் கீழே போட்டுக்கொள்ளலாமா?

கணக்கர்: பார்த்தீர்களா, கேட்டவரே என் பக்கம் வந்துவிட்டார்.

ஓசூர்வாசி: கீழே போடுகிறேன் என்கிறார். அப்படியானால் மேலே வேறு பெயர் இருக்கிறது என்றுதானே பொருள்? அதைத்தான் நான் முதல் பதிவிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கணக்கர்: நாளைக் காலை தனிஷ்க் வாசலில் நின்று அந்த வரியைப் படம் எடுத்துப் போடுகிறேன். எழுத்தின் உயரத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.