வி.ஜி. ஒட்டிய பிறகு இறக்கை முன்பைவிடச் சீக்கிரம் ஸ்டால் ஆகிறது, எங்கே தவறு?

காகிதச்சிறகு:
இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்காக பால்சா மரத்தில் ஓர் இறக்கை செய்திருக்கிறேன். நாகா 2412 வடிவம், நாண் நீளம் 200 மி.மீ. கல்லூரியின் சிறிய காற்றுச் சுரங்கத்தில் வினாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் சோதிக்கிறேன். மேற்பரப்பில் ஐந்து வரிசையாகத் தையல் நூல் துணுக்குகள் ஒட்டியிருக்கின்றன.

வெறும் இறக்கை காற்றுக்கு 11 டிகிரி சாய்ந்தபோது ஸ்டால் ஆனது, அதாவது ஓட்டம் பெருமளவு பிரிந்து தூக்குவிசை சரிந்தது. அப்புறம் காற்றில் சுழல் உண்டாக்கும் சிறு தகடுகளான வோர்டெக்ஸ் ஜெனரேட்டர்கள், அதாவது வி.ஜி., ஒட்டினேன். எல்லாம் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டியவை, 8 மி.மீ. உயரம், காற்றுக்கு 15 டிகிரி சாய்வு. முன்விளிம்பிலிருந்து 90 மி.மீ. தள்ளி ஒரே வரிசையில் வைத்தேன். இப்போது 9 டிகிரியிலேயே ஸ்டால் ஆகிறது. மூன்று முறை செய்து பார்த்தும் அதே விடைதான். அடுத்த வாரம் ரெவ்யூ இருக்கிறது.

சொரசொரப்பு:
வி.ஜி. எதற்கு? பரப்பை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றான எல்லைப்படலம் லாமினாராக, அதாவது சீராக இருந்தால்தான் பரப்பை விட்டுப் பிரியும், கலங்கி டர்புலன்ட் ஆனால் ஒட்டிக்கொண்டே போகும். கோல்ஃப் பந்தில் குழி போடுவது அதற்காகத்தானே. மேற்பரப்பு முழுக்க உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கு, போதும்.

நூல்நுனி:
தேய்க்க வேண்டாம், தம்பி, கொஞ்சம் பொறு. முதலில் ஒன்று சொல். வி.ஜி. இல்லாமல் 10 டிகிரியில் வைத்தபோது எந்த வரிசை நூல் முதலில் திரும்பியது?

காகிதச்சிறகு:
குறிப்பேட்டில் பார்த்துச் சொல்கிறேன். வரிசைகள் 10, 40, 70, 110, 150 மி.மீ.யில் இருக்கின்றன. 10 டிகிரியில் முதல் இரண்டும் படிந்து கிடந்தன. 70-இல் இருந்தவை துடித்தன, சில நூல்கள் முன்விளிம்பைப் பார்த்தபடி திரும்பி நின்றன. பின்னால் இருந்தவை எல்லாம் சுற்றிச் சுற்றி அடித்தன.

நூல்நுனி:
அப்படியானால் விஷயம் இங்கேதான் இருக்கிறது. 70-இலேயே ஓட்டம் பிரிந்துவிட்டது, உன் தகடுகள் 90-இல் நிற்கின்றன. அங்கே இருப்பது பின்னோக்கித் தவழும் செத்த காற்று. வேகமான காற்றைப் பிடித்துக் கீழே இறக்குவதுதான் வி.ஜி.யின் வேலை. பிடிக்க அங்கே எதுவும் இல்லை. பிரியும் இடத்துக்கு முன்னால் வைத்தால்தான் அது பயன்படும்.

இரண்டாவது, உயரம். எல்லைப்படலத்தின் தடிமன் δ-வுக்கு, தட்டையான பலகைக்கான கணக்கைத் தோராயமாகப் போடுவோம்:

```
δ ≈ 5x / √Re_x,   Re_x = V·x / ν
x = 0.09 m:  Re_x = 12 × 0.09 / 0.000015 = 72000,  δ ≈ 1.7 mm
x = 0.02 m:  Re_x = 12 × 0.02 / 0.000015 = 16000,  δ ≈ 0.8 mm
```

வளைந்த பரப்பில் இது அப்படியே பொருந்தாது, அளவு பிடிபட்டால் போதும். 90-இல் ஓட்டம் ஒட்டியே இருந்தாலும் படலம் ஏறக்குறைய 1.7 மி.மீ.தான். நீ நட்டிருப்பது அதைப்போல் ஐந்து மடங்கு உயரமுள்ள வேலி. ஒவ்வொன்றும் தன் பின்னால் மந்தமான காற்றை இழுத்துவிடுகிறது. 9 டிகிரியிலேயே ஸ்டால் வருவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

சொரசொரப்பு சொன்னதில் பாதி சரி. பிராண்டல் 1914-இல் ஒரு கோளத்தின் மேல் மெல்லிய கம்பி வளையம் கட்டி, படலத்தை டர்புலன்ட் ஆக்கி, பிரிவு பின்னால் தள்ளிப்போவதைக் காட்டினார். ஆனால் டர்புலன்ட் படலமும் பிரியும், தாமதமாகப் பிரியும், அவ்வளவுதான். இறக்கையின் பின்பாதியில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. பரப்பை ஒட்டி ஓடும் காற்று மேடு ஏறுகிற மாதிரி வேகத்தை இழந்து நின்றுவிடுகிறது. டர்புலன்ட் படலத்தில் மேலேயுள்ள வேகம் சுழிகள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே கலக்கிறது, அதனால் கூடுதல் தூரம் ஏற முடிகிறது. முழுப் பரப்பையும் தேய்த்தாலோ உராய்வு கூடிப் படலம் தடித்து மந்தமாகிவிடும். பின்பாதியில் தேவைப்படும் வேகத்தை முன்பாதியிலேயே செலவழித்த கதைதான்.

காற்றாலைப்பக்கம்:
நான் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் இருக்கிறேன். எங்கள் பிளேடுகளிலும் இவை உண்டு, நுனியில் ரம்பப்பல் மாதிரி. இரைச்சல் குறைக்கத்தான் வைக்கிறார்கள். தம்பியின் சுரங்கத்தில் இரைச்சல் பிரச்சினையா?

நூல்நுனி:
அண்ணே, நீங்கள் சொல்வது பின்விளிம்பில் வைக்கும் பல்வரிசை, அது வேறு. பிளேடு அடிப்பகுதியில், தண்டுக்குப் பக்கத்தில், ஜோடி ஜோடியாகச் சிறிய முக்கோணத் துடுப்புகள் ஒட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். அவைதான் வி.ஜி. அங்கே பிளேடு மிகத் தடிமன், ஓட்டம் எளிதில் பிரிந்துவிடும்.

காற்றாலைப்பக்கம்:
ஆமாம், இருக்கிறது! கயிற்றில் தொங்கிக்கொண்டு அதைத் துடைத்திருக்கிறேன். சில பிளேடுகளில் இரண்டு மூன்று விழுந்து பசைத் தடம் மட்டும்தான் இருக்கும். அதனால் உற்பத்தி குறையுமா?

நூல்நுனி:
ஒன்றிரண்டு போனால் அந்த இடத்தின் பின்னால் மட்டும் ஓட்டம் பிரியும். மின் உற்பத்தியில் அது எவ்வளவு என்பதை உங்கள் அளவீடுதான் சொல்ல வேண்டும்.

தம்பி, உன் வேலைக்கு வருவோம். வி.ஜி. ஒட்டுமுன் ஒரு சோதனை செய். உன் ரெனால்ட்ஸ் எண் வெறும் 1,60,000. இந்த அளவில் லாமினார் படலம் முன்பக்கமே பரப்பை விட்டு எழும்பி, காற்றில் டர்புலன்ட் ஆகி, மறுபடி வந்து ஒட்டும். நடுவில் மெல்லிய குமிழ் ஒன்று இருக்கும். நூலுக்கு அது தெரியாது. பரப்பில் கருப்புத் தாள் ஒட்டி, டைட்டானியம் டை ஆக்சைடு பொடியை மண்ணெண்ணெயில் கலந்து பூசி ஓட்டு. எண்ணெய் நகராமல் தேங்கி நிற்கும் குறுக்குப் பட்டை தெரிந்தால் அதுதான் குமிழ்.

அப்புறம் 20 மி.மீ.யில் டேப் மட்டும் ஒட்டி, ஸ்டால் கோணம் மாறுகிறதா பார். அதை எடுத்துவிட்டு அதே இடத்தில் 1.5 மி.மீ. உயர வி.ஜி. வை, அடுத்தடுத்தவை எதிரெதிராகச் சாயட்டும். டேப் படலத்தைக் குலைக்க மட்டும் செய்யும். வி.ஜி.யிலிருந்து கிளம்பும் சுழல் காற்று ஓடும் திசையில் உருண்டுகொண்டே போய், ஒரு பக்கம் வேகக் காற்றை இறக்கி, மறுபக்கம் மந்தக் காற்றை மேலே தூக்கும். அந்த வேகத்தை அது புதிதாக உண்டாக்குவதில்லை, வெளியே ஓடும் காற்றிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. அதற்கு விலை உண்டு. சிறு கோணங்களில் இழுவை கூடும்.

காகிதச்சிறகு:
நான்கு நாள் கழித்து வருகிறேன். எண்ணெயில் பட்டை தெரிந்தது, 15 முதல் 30 மி.மீ. வரை, ஓரம் கோடு போட்ட மாதிரி. முதலில் செல்லோ டேப் ஒட்டினேன், ஒன்றும் மாறவில்லை. கரண்ட் வேலைக்குப் போடும் கருப்பு டேப்பை மூன்று அடுக்காக ஒட்டியதும் பட்டை சுருங்கியது, ஸ்டால் 12 டிகிரிக்குப் போனது. அதை உரித்துவிட்டு 1.5 மி.மீ. வி.ஜி. வைத்தேன், 13 டிகிரி. அவற்றின் பின்னால் எண்ணெயில் வரிவரியாகக் கோடுகள், சுத்தமாக வழித்தது ஒன்று, தேங்கியது ஒன்று. போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

சொரசொரப்பு:
டேப்பிலேயே ஒரு டிகிரி வந்திருக்கிறதே. வி.ஜி.யும் படலத்தைக் குலைத்துத்தானே அந்த 13 வந்தது? சுழலால் வந்தது என்று எப்படிச் சொல்வது?

நூல்நுனி:
நல்ல கேள்வி. இந்தச் சோதனையில் இரண்டையும் பிரிக்க முடியாது. டேப்பை 10 மி.மீ.யிலும் வி.ஜி.யை 20 மி.மீ.யிலும் சேர்த்து வைத்துப் பார்க்கலாம். டேப் மட்டும் 10 மி.மீ.யில் தரும் கோணத்தைவிட அப்போது கூடினால், அந்தக் கூடுதல் சுழலுடையது. உன் சுரங்கத்துக் காற்றே எவ்வளவு கலங்கலாக வருகிறது என்பதும் தெரிய வேண்டும். உள்ளே வரும் காற்றே கலங்கலாக இருந்தால் குமிழின் நீளம் மாறிவிடும்.

காகிதச்சிறகு:
காற்றின் கலங்கலை அளக்க எங்களிடம் ஹாட் வயர் கருவி இல்லை. டேப்பும் வி.ஜி.யும் சேர்த்து நாளை காலை ஓட்டுகிறேன். இன்னொன்று, சுவரை ஒட்டிய இரண்டு நூல்கள் 8 டிகிரியிலிருந்தே துடிக்கின்றன, எது ஒட்டினாலும் அவை மட்டும் அடங்கவில்லை.

நூல்நுனி:
அது சுவரின் எல்லைப்படலம் இறக்கையோடு சேரும் மூலை. அந்த இரண்டையும் கணக்கில் எடுக்காமல் நடுப்பகுதியை மட்டும் பார்த்து ஸ்டாலைக் குறி. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கோணத்தை ஏற்றும்போது ஒரு முறை, இறக்கும்போது ஒரு முறை எழுதி வை. இரண்டும் ஒன்றாக வராமல் போகலாம்.