வெள்ளைக்கழிச்சலுக்குப் பிறகு மறுபடி கோழி விடுவது எப்படி?

அணைக்கட்டுப் பக்கம் எங்கள் தெருவில் வெள்ளைக்கழிச்சல் புகுந்துவிட்டது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, இறக்கை தொங்கி, வாயைப் பிளந்து மூச்சுவிட்டு என் 34 நாட்டுக்கோழிகளில் 29 செத்தன. ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தோம்.

பிழைத்த ஐந்தில் இரண்டுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டிருக்கிறது. தீவனத்தைக் கொத்தினால் அலகு தரையில் படுகிறது. மற்ற மூன்றும் நன்றாக மேய்கின்றன. தேறிய கோழியும் சில வாரம் எச்சத்தில் கிருமியை வெளியேற்றும் என்பதால் ஐந்தையும் கழித்துவிடச் சொல்கிறார் கால்நடை மருத்துவர். அதில் ஒன்று நல்ல அடைக்கோழி, மனம் வரவில்லை. தனியே அடைத்துக் காப்பாற்றியவர்கள் யாரேனும் உண்டா?

கொட்டகை மண் தரை. எச்சமும் குப்பையும் கிடக்கும் இடத்தில் பிளீச்சிங் பவுடர் வீரியம் இழந்துவிடும் என்பதால் மேல்மண்ணைச் சுரண்டிப் புதைத்துவிட்டேன். மண் தரையில் அடுத்து என்ன செய்தீர்கள்? மூன்று வாரம் காலியாகப் போட்டால் போதுமா?

பெரிய கவலை தடுப்பூசிதான். எட்டு வாரம் கடந்த கோழிக்குப் போடும் ஆர்2பி மருந்து ஒரு குப்பி 100 கோழிக்கு வருகிறது. கரைத்தால் ஐஸில் வைத்து ஓரிரு மணி நேரத்தில் போட்டு முடிக்க வேண்டும். நான் மட்டும் போட்டால் பக்கத்து வீட்டுக் கோழி வழியாகத் தெருவில் நோய் சுற்றிக்கொண்டே இருக்கும். விடியலில், கோழிகளைத் திறந்துவிடும் முன், தெரு முழுக்கச் சேர்ந்து போட்டவர்கள் எப்படி ஏற்பாடு செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.