'சேர்க்கப்பட்டன' என்ற ஒரு சொல் எங்களை இரண்டு கிழமை அலைய வைத்தது. உங்களுக்கும் இப்படி நடந்ததா?

உப்புவெளி அக்கா

கொட்டியாரக் குடாவில் மூன்று இடங்களில் தண்ணீர் எடுத்து, கரைந்த ஒட்சிசன் பார்த்த வேலை. விங்க்ளர் முறை. செய்தவர்களுக்குத் தெரியும், போத்தலை நிரப்பிய இடத்திலேயே மங்கனீசு சல்பேற்றும் கார அயடைட்டும் விட்டு ஒட்சிசனைப் பிடித்து வைக்க வேண்டும். ஒட்சிசன் இருந்தால் மண்ணிற வீழ்படிவு, இல்லையென்றால் வெள்ளை. அதற்குப் பிறகு ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்து அமிலம் விட்டு, எவ்வளவு ஒட்சிசன் என்று நியமித்துப் பார்க்கலாம், அவசரமில்லை.

நான் படகில் போகவில்லை. அறிக்கை எழுதும் வேலைதான் எனக்கு. களத்துக்குப் போனவர்களின் குறிப்பில் இப்படி இருந்தது: "மாதிரிகள் சேகரிக்கப்பட்டு, மங்கனீசு சல்பேற்றும் கார அயடைட்டும் சேர்க்கப்பட்டன, ஆய்வுகூடத்தில் நியமிப்புச் செய்யப்பட்டது." எனக்கு அது அழகான வரியாகத்தான் பட்டது. அப்படியே அறிக்கையில் போட்டேன்.

லீற்றருக்கு மில்லிகிராமில் முதல் இடம் 6.4, இரண்டாவது 6.1. மூதூர்ப் பக்கம், மகாவலித் தண்ணீர் கலக்கும் மூன்றாவது இடம் 3.2. ஆற்றால் ஏதோ கழிவு வருகிறது என்று நினைத்து இரண்டு கிழமை வரைபடமும் கையுமாக அலைந்தோம். கடைசியில் படகோட்டிய தம்பியிடம் "அண்டைக்கு மூன்றாவது இடத்தில் தண்ணி எப்படி இருந்தது?" என்று கேட்டேன். அவன் சாதாரணமாகச் சொன்னான்: "அங்க போகேக்க மருந்துப் போத்தல் முடிஞ்சிது அக்கா. பின்னேரம் வந்துதான் விட்டவை."

ஐந்து மணித்தியாலம். வெயிலில், படகில், மருந்து விடாத போத்தல். உள்ளே இருந்த நுண்ணுயிர்கள் ஒட்சிசனைத் தின்றுகொண்டே வந்திருக்கும். திரும்பப் போய் அதே இடத்தில் உடனே மருந்து விட்டு எடுத்தபோது 5.6 வந்தது. வேறு நாள், வேறு நீரோட்டம், ஆகவே முழு வித்தியாசமும் இதனால்தான் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த "சேர்க்கப்பட்டன" இன்னும் நெஞ்சில் குத்துகிறது. அதில் பொய் இல்லை. சேர்க்கப்பட்டதுதான்.

---

திண்ணைவாசி

அக்கா, காரணம் ஒன்றுதான். செயப்பாட்டு வினை ஆங்கிலத்திலிருந்து வந்த பழக்கம், தமிழில் அதற்கு இடமில்லை. "செய்தோம்", "விட்டோம்" என்று எழுதினால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. ஓர் அறிக்கையில் எத்தனை "பட்டது" இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, எல்லாவற்றையும் வெட்டுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

---

பம்படி ரவி

எனக்கு அறிக்கை எழுதத் தெரியாது, பம்பு பூட்டத் தெரியும். ஆனால் இந்தக் கதை என் கதை.

நிலாவெளிப் பக்கம் ஒரு விடுதி. பெயர் வேண்டாம். பம்போடு வந்த தமிழ்க் கையேட்டில் ஒரு வரி: "பம்பு நிறுத்தப்பட்டதும் வெளியேற்று வால்வு மூடப்படும்." இரவு வேலைக்கு நின்ற பெடியன் அதை வாசித்துவிட்டு, வால்வு தானாக மூடும் என்று விளங்கிக்கொண்டான். அவனில் பிழை சொல்ல ஏலாது, நானும் அப்படித்தான் வாசிப்பேன். சுவிட்சை நிறுத்திவிட்டுப் போய்ப் படுத்துவிட்டான். கிணற்றுக்குள் இருந்த கால் வால்வும் தேய்ந்து போயிருந்தது. மேல் தாங்கியில் இருந்த தண்ணீர் எல்லாம் வந்த வழியே கிணற்றுக்குத் திரும்பியது.

அவன் அழைப்பு எடுத்து நான் போனபோது விடிய நாலு மணி. கரண்ட் இல்லாத பம்பு தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது, மறுபக்கமாக. இருட்டில் டோர்ச் அடித்துப் பார்த்தேன், விசிறி பின்னுக்குப் போகிறது. அந்தக் காட்சி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அந்த நேரத்தில் யாராவது சுவிட்சைப் போட்டிருந்தால், பின்னுக்குச் சுற்றும் தண்டு ஒரேயடியாக முன்னுக்கு இழுபட்டிருக்கும்.

இப்போது அந்தப் பம்படியில் நான் பெயின்ற்றால் எழுதி வைத்திருப்பது: "பம்பை நிறுத்தியவுடன் இந்த வால்வைக் கையால் மூடவும்." "கையால்" என்ற சொல்லைப் பெரிதாக எழுதினேன்.

---

கிண்ணியா ஆசிரியை

என் மகள் உயர் தரம், இரசாயனவியல். செய்முறைக் கொப்பியில் "நான் அளவியை நிரப்பினேன்" என்று எழுதினாள். "அளவி நிரப்பப்பட்டது" என்று எழுது என்று திருத்திக் கொடுத்தார்கள். இங்கே வாசித்தால் செயப்பாட்டு வினையே பிழை என்கிறீர்கள். அப்ப அவள் எதை எழுதுவது?

பிள்ளைகளுக்கு என் ஆலோசனை இதுதான். பரீட்சைக்கு யார் புள்ளி போடுகிறார்களோ அவர்கள் கேட்கும் விதத்தில் எழுதுங்கள். கொப்பியை நாளுக்கு நாள் முடியுங்கள், கடைசி இரவு வரை வைக்காதீர்கள். பென்சிலால் வரைபடம் கீறுங்கள், பேனையால் கீறினால் அழிக்க முடியாது. அளவுகோலை மறக்காதீர்கள். வாசிப்பு எடுத்த உடனே அட்டவணையில் போடுங்கள், கையில் எழுதிவிட்டுப் பிறகு மாற்றாதீர்கள். என்னிடம் படித்த எத்தனையோ பேர் கையில் எழுதி, கை கழுவியபோது எண்ணையும் கழுவியிருக்கிறார்கள்.

---

பழைய ஆய்வுகூடத்தான்

திண்ணைவாசித் தம்பி, பாதி சரி. மற்றப் பாதியைப் பார்ப்போம்.

செயப்பாட்டு வினை ஆங்கிலத்திலிருந்து வந்ததல்ல. நம் இலக்கணத்தில் அதற்குப் பெயரே இருக்கிறது. அதற்கும் மேலே, செய்தவனைச் சொல்லாமல் விடத் தமிழுக்கு வேறு வழியும் உண்டு. தொல்காப்பிய உரைகாரர்கள் "திண்ணை மெழுகிற்று" என்று காட்டுவார்கள். திண்ணையை யாரோ மெழுகினார்கள், வாக்கியத்தில் ஆள் இல்லை, "பட்டது"ம் இல்லை. ஆங்கிலத்திலிருந்து வந்தது, எல்லா இடத்திலும் "பட்டது" ஒட்டும் பழக்கம் மட்டும்தான்.

அந்தப் பழக்கம் ஏன் இங்கே தேவைப்படவில்லை என்று பாருங்கள். ஆங்கிலத்தில் போத்தலைப் பற்றிப் பேசும்போது போத்தலை வாக்கியத்தின் முதலில் வைக்க விரும்பினால், பெரும்பாலும் செயப்பாட்டு வினைக்குத்தான் போக வேண்டும். அங்கே சொல் நிற்கும் இடம்தான் எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்று காட்டுகிறது. தமிழில் அந்த வேலையை 'ஐ' செய்துவிடும். "போத்தலை ஐஸ் பெட்டியில் வைத்தோம்" என்றால் போத்தல் முதலில் நிற்கிறது, வினையும் செய்வினையாகவே இருக்கிறது. "நாங்கள்" என்று எழுதவும் தேவையில்லை, 'ஓம்' சொல்லிவிடும்.

ஆனால் எல்லாவற்றையும் வெட்டச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. "போத்தல்கள் அமிலத்தில் கழுவப்பட்டன" என்பதை நான் தொடமாட்டேன். யார் கழுவினாலும் ஒன்றுதான், அங்கே வாசகனுக்குக் கழுவியவர் தேவையில்லை. கிண்ணியா ஆசிரியை சொன்ன அளவியும் அப்படியே. மகள் எழுதியதில் பிழையில்லை, திருத்தியவர் கேட்டதிலும் பிழையில்லை.

ஆளைக் கட்டாயம் எழுத வேண்டியது முடிவெடுத்த இடத்தில். "இரண்டு வாசிப்புகள் விலக்கப்பட்டன" என்று வந்தால் என் பேனை நின்றுவிடும். யார் விலக்கினார், எதைப் பார்த்து? "வீழ்படிவு வெள்ளையாக வந்த இரண்டு போத்தல்களை நாங்கள் விலக்கினோம், மூடிக்குள் காற்றுக் குமிழி இருந்தது" என்று எழுதினால் வாசிப்பவர் எங்களோடு சண்டை பிடிக்கலாம். "காற்று ஒட்சிசனைக் கூட்டுமே, பிறகு எப்படி வெள்ளை வரும்? அந்த இரண்டை ஏன் விலக்கினீர்கள்?" என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். "விலக்கப்பட்டன" என்ற வரியில் கேட்க இடமே இல்லை.

இன்னொன்று, நான் அதிகம் திருத்துவது. "மண்ணிற வீழ்படிவு உருவாக்கப்பட்டது" என்று எழுதுகிறார்கள். யாரும் உருவாக்கவில்லை, அது உருவானது. "வெப்பநிலை உயர்ந்தது" வேறு, "உயர்த்தப்பட்டது" வேறு. முதலாவதில் தானாக ஏறியது, இரண்டாவதில் யாரோ சூடாக்கினார்கள். ஆய்வில் இரண்டும் எதிரெதிர்க் கதைகள். ரவியின் வால்வும் இதே கோளாறுதான். "மூடும்" என்றால் தானாக, "மூடவும்" என்றால் நீ. "மூடப்படும்" என்பது இரண்டுக்கும் நடுவில் நின்று ஒருவரையும் காட்டவில்லை.

---

திண்ணைவாசி

அண்ணை, "திண்ணை மெழுகிற்று" என்று என் பெயரையே எனக்குத் திருப்பிக் காட்டிவிட்டீர்கள், அதை ஏற்கிறேன். ஆனால் முடிவெடுத்த இடம், எடுக்காத இடம் என்று பிரிப்பது நடைமுறையில் கடினம். போத்தலை எந்த அமிலத்தில் கழுவுவது என்பதும் ஒரு முடிவுதானே? புதிதாக எழுதுபவருக்கு "எல்லாவற்றையும் செய்வினையில் எழுது" என்பது கைக்கு வரும். 1953இல் டி.என்.ஏ. கட்டமைப்பை அறிவித்த வாட்சன், கிரிக் கட்டுரையே "நாங்கள்" என்றுதான் தொடங்குகிறது.

---

கடல்நீர் மச்சான்

திண்ணைவாசி, அக்காவின் வரியை உங்கள் முறைப்படி எழுதிப் பார்க்கிறேன்: "மாதிரிகளைச் சேகரித்து, மங்கனீசு சல்பேற்றும் கார அயடைட்டும் சேர்த்து, ஆய்வுகூடத்தில் நியமித்தோம்." செய்வினைதான். எங்கே சேர்த்தோம் என்று இப்பவும் இல்லை. அந்த 3.2 இப்பவும் அப்படியே ஏமாற்றும். அக்காவின் சிக்கல் வினையில் இல்லை, விட்டுப்போன இடத்திலும் நேரத்திலும்.

---

பழைய ஆய்வுகூடத்தான்

மச்சான் சொல்வது சரி, நான் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். செய்வினையில் எழுதினால் மட்டும் உண்மை வராது.

ஆனாலும் ஒரு வித்தியாசத்தை நான் பார்த்திருக்கிறேன். "சேர்க்கப்பட்டன" என்பதைப் படகில் போகாத ஒருவர் கூசாமல் எழுதலாம், அக்கா எழுதியதுபோல. "சேர்த்தேன்" என்பதைச் சேர்த்தவர்தான் எழுதலாம். அந்தச் சொல்லை எழுதப் பேனையைத் தூக்கும்போது, எந்த இடத்தில் நின்று சேர்த்தோம் என்பது கண்முன் வரும். வராமலும் போகலாம்.

---

உப்புவெளி அக்கா

நேற்றுப் படகுக்காரத் தம்பியையும் களத்துக்குப் போன பிள்ளைகளையும் உட்கார வைத்து அந்தப் பந்தியைத் திரும்ப எழுதினோம். இப்போது இப்படி இருக்கிறது:

"போத்தல்கள் முன்னரே கழுவி உலர்த்தப்பட்டன. முதல் இரண்டு இடங்களில், தண்ணீர் எடுத்தவுடன் படகிலேயே மங்கனீசு சல்பேற்றும் கார அயடைட்டும் சேர்த்தோம். மூன்றாவது இடத்தில் மருந்து தீர்ந்துவிட்டதால், ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் கழித்து ஆய்வுகூடத்தில் சேர்த்தோம். ஆகவே இந்த 3.2ஐ மற்ற இரண்டோடு ஒப்பிடவில்லை."

முதல் வரியில் "பட்டன"வை விட்டு வைத்தேன், திண்ணைவாசித் தம்பி கோபிக்க வேண்டாம். எழுதி முடித்து வாசிக்கையில் களத்துக்குப் போன ஒரு பிள்ளை, "அக்கா, இரண்டாவது இடத்திலயும் உடனே விடேல்லை, அலை கூடவா இருந்தது, கொஞ்சம் தள்ளிப் போய்த்தான் விட்டனாங்கள்" என்றாள். எத்தனை நிமிடம் என்று கேட்டேன். பத்து என்கிறாள், படகுக்காரத் தம்பி அரை மணித்தியாலம் என்கிறான். அந்த இடத்தை இன்னும் வெறுமையாக வைத்திருக்கிறேன்.