கலைச்சொல் வேண்டும்: ஆக்டிவேஷன் ஃபங்ஷன்

கதிர்:
குழுவினருக்கு வணக்கம். நரம்பணு வலையமைப்பு பற்றிக் கல்லூரி முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் குறிப்பு எழுதுகிறேன். ‘ஆக்டிவேஷன் ஃபங்ஷன்’ வந்ததும் கை நின்றுவிட்டது. ஃபங்ஷனுக்குச் ‘சார்பு’ இருக்கிறது. முன்பாதிதான் இழுபறி. ‘முடுக்கச் சார்பு’ என்று எழுதினேன். அது இயற்பியல் வகுப்பில் வேறு பொருளில் இருக்கிறதே என்று தங்கை சிரிக்கிறாள். ‘தூண்டல்’ என்றால் மின்காந்தம் வந்து நிற்கிறது.

செல்வராசு:
இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? பெர்செப்ட்ரான் என்ற ஆரம்பகால நரம்பணு மாதிரி வெறும் பெருக்கலும் கூட்டலும். அப்புறம் அடுக்குகள் வந்தபோது இந்தச் சார்பைச் சேர்த்தார்கள். நரம்பணுவை ஆன் செய்யும் சுவிட்ச், அவ்வளவுதான். ‘செயல்படுத்து சார்பு’ போதும்.

ரமணி:
‘செயல்படுத்து’ வேண்டாம் ஐயா. செயலிகளைத் தமிழாக்கும்போது ‘கணக்கைச் செயல்படுத்தவும்’ என்று போட்டுத்தான் பழக்கம். பொத்தானில் வைக்கும் சொல் என்றால் ‘இயக்கு’ இன்னும் சின்னது, இடமும் மிச்சம்.

நாச்சியார்:
ரமணி, இது பொத்தான் இல்லை அம்மா, கணக்குப் பாடத்தில் வரும் சார்பு.

செல்வராசு சார் சொன்னதில் பாதி சரி. ஃபிராங்க் ரோசன்பிளாட் 1958-இல் எழுதிய பெர்செப்ட்ரானிலேயே இந்தச் சார்பு உண்டு. உள்ளீடுகளை எடை பெருக்கிக் கூட்டியபின், தொகை ஒரு வாசலைத் தாண்டினால் 1, இல்லாவிட்டால் 0. அந்தப் படிக்கட்டுதான் சார்பு. ஆனால் அது கடைசியில் ஒரே ஒரு தடவை வருகிறது. அதனால் தாளில் ஒரு நேர்கோடு கிழித்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று பிரிப்பதோடு சரி.

மாடிப்படி விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒன்று. ஏதாவது ஒன்று மட்டும் 1 என்றால் எரியும். இரண்டும் 0 என்றாலும் இரண்டும் 1 என்றாலும் எரியாது. நான்கு நிலைகளையும் ஒரு சதுரத்தின் மூலைகளாக வரைந்தால், எரியும் இரண்டும் எதிரெதிர் மூலையில் இருக்கும். ஒரே கோட்டை எப்படிக் கிழித்தாலும் எரிபவை ஒரு பக்கம், எரியாதவை மறுபக்கம் என்று பிரியாது. 1969-இல் மின்ஸ்கியும் பேப்பர்ட்டும் சுட்டிக்காட்டிய பெர்செப்ட்ரானின் வரம்புகள் இந்தக் குடும்பம்தான். இப்போது x, y இரண்டும் சுவிட்சுகள், z விளக்கு என்று கொண்டு, நடுவில் h1, h2 என்று இரண்டு நரம்பணுக்களை வைப்போம். இங்கே சார்பு max, அதாவது இரண்டில் பெரியதை எடுப்பது:

```
h1 = max(0, x + y)
h2 = max(0, x + y - 1)
z  = h1 - 2*h2
```

இரண்டும் 0 என்றால் z 0. ஒன்று மட்டும் 1 என்றால் h1 1, h2 0, எனவே z 1. இரண்டும் 1 என்றால் h1 2, h2 1. இரண்டிலிருந்து இரண்டு போக z 0. விளக்கு சரியாக எரிகிறது.

சரி, max-ஐ மட்டும் நீக்கிப் பாருங்கள். z = (x + y) - 2(x + y - 1), சுருக்கினால் 2 - x - y. நடுவில் வைத்த இரண்டு அணுக்களும் காணாமல் போய்ப் பழைய ஒற்றைக் கோடு திரும்பிவிட்டது. பத்து அடுக்கு வைத்தாலும் இதே கதி. ஆகவே அடுக்கு கூடினால் மட்டும் திறன் கூடாது.

max இங்கே சுவிட்ச் போடவில்லை. தாளைக் குறுக்கே மடித்து, எரியாத இரண்டு மூலைகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைக்கிறது. ‘மடிப்புச் சார்பு’ என்றால் என்ன? ‘மடக்கு’ வேண்டாம், மடக்கையோடு குழம்பும்.

மலர்:
இது எனக்கே நடந்தது! இதே விளக்கை நிரலாக எழுதிப் பயிற்றுவித்தேன். எவ்வளவு நேரம் ஓடினாலும் நான்கு நிலைக்கும் விடை 0.5. கற்றல் வேகத்தை மாற்றினேன், அடுக்கை மூன்றாக்கினேன், அசையவில்லை. பார்த்தால் சார்பையே எழுத மறந்திருக்கிறேன். max சேர்த்ததும் சில தடவை சரியாக வந்தது, சில தடவை மறுபடி மாட்டிக்கொண்டது. அது ஏன் அக்கா?

நாச்சியார்:
நேர்கோட்டால் நான்கு புள்ளிகளுக்கும் பிழையைக் குறைக்கச் சொன்னால் எல்லாவற்றுக்கும் 0.5 சொல்வதுதான் அதனால் முடிந்தது. அந்த 0.5-ஐக் கண்டாலே சார்பு விட்டுப்போனதோ என்று முதலில் பார். இரண்டாவது வேறு கதை. தொடக்க எடைகள் கோணலாக அமைந்து ஓர் அணு நான்கு உள்ளீட்டுக்கும் 0 தந்தால், அங்கே சரிவு 0. பயிற்சியில் சரிவைப் பார்த்துத்தான் எடையை நகர்த்துகிறோம், எனவே எடை நகராது. நடுவில் எட்டு அணுக்கள் வை, மாட்டுவது குறையும். படிக்கட்டுக்கும் இதே நோய்தான், எங்கும் சரிவே இல்லை. அதனால்தான் அதை வழுவழுப்பாக்கி, S வடிவ சிக்மாய்டு வளைவை எடுத்துக்கொண்டார்கள்.

கதிர்:
மடிப்பு கண்முன் நிற்கிறது, ஆனால் சிக்மாய்டு மடிப்பதில்லையே, நசுக்குகிறது. வீட்டு விலை போன்ற எண்ணைக் கணிக்கும்போது கடைசி அடுக்கில் வந்ததை அப்படியே விடும் சார்பு வைக்கிறோம், அதற்கும் இதே பெயர்தான். வடிவத்தை வைத்துப் பெயரிட்டால் இவை வெளியே நிற்கும். ‘கிளர்வுச் சார்பு’ என்று எழுதிவிட்டு, மடிப்பை விளக்கத்தில் வைக்கட்டுமா?

செல்வராசு:
படிக்கட்டு விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ‘கிளர்வு’ மட்டும் எனக்குக் கிளர்ச்சி, ஊர்வலம் என்றே கேட்கிறது.

யாழினி, யாழ்ப்பாணம்:
நேர்கோடு சார்ந்த ‘லீனியர்’ என்பதை ‘நேரியல்’ என்று எழுதுவீர்களா? நாங்கள் பள்ளிக்கூடத்தில் ‘ஏகபரிமாணச் சமன்பாடு’ என்றுதான் படித்தோம். அதையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள், இங்கத்தைப் பிள்ளைகள் தேடினால் கிடைக்கும்.

கதிர்:
குறித்துவிட்டேன். ஆக்டிவேஷனுக்கு நேரே இப்போதைக்கு ‘கிளர்வு / மடிப்பு’ என்று கேள்விக்குறியோடு விட்டிருக்கிறேன்.