மூன்று பேர் எடுத்த ஸ்டோர், இரண்டு கையொப்பம் போதாதாம்

வணக்கம். பரந்தனில் நெல் வைக்க ஒரு ஸ்டோரை மூன்று பேர் சேர்ந்து குத்தகைக்கு எடுத்தோம். இப்போது விடுவதற்கு இரண்டு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். "நாங்கள்" என்று எழுதி, இரண்டு பேர் மட்டும் ஒப்பமிட்ட கடிதத்தை உரிமையாளர் திருப்பித் தந்துவிட்டார். அவர் சொல்வதும் நியாயந்தான்: உடன்படிக்கையில் மூவரும் ஒப்பமிட்டோம், மூன்றாமவர் நாளைக்கு "நான் விடவில்லையே" என்றால்?

அந்த மூன்றாமவர் இருப்பது கனடாவில். சரி, கடிதத்தைத் திருத்திவிட்டேன். தொடக்கத்தில் மூவர் பெயரும் உடன்படிக்கைத் திகதியும். கீழே ஒவ்வொருவருக்கும் தனிக் கோடு, பெயர், அடையாள அட்டை இலக்கம், ஒப்பமிட்ட திகதி.

அதே வாசகமுள்ள பிரதியில் அவர் அங்கே ஒப்பமிட்டு, மூலத்தைத் தபாலில் அனுப்பினால் போதுமா? அல்லது அற்றோர்ணித் தத்துவம் தந்து, "அவர் சார்பில்" என்று நான் ஒப்பமிட்டு, அதன் பிரதியை இணைக்க வேண்டுமா? இப்படிச் செய்தவர்கள் சொல்லுங்கோ.