வேலூரில் 165 நாள், மியூனிக்கில் 55 நாள்: ஓர் ஆண்டுச் சம்பளம் இரண்டாகப் பிரிந்த அனுபவம்

காட்பாடிக்காரன்:

2021இல் மியூனிக் வீட்டைக் காலி செய்து ஒப்படைத்துவிட்டு, அங்கே வேலை பார்த்த அதே ஜெர்மன் நிறுவனத்தின் ஊழியனாகவே காட்பாடிக்குத் திரும்பியவன் நான். 2022 முழுவதும் வீட்டு மாடி அறையிலிருந்துதான் வேலை. 2023இல் இரண்டு முறை அங்கே போய் வேலை செய்ய நேர்ந்தது: பிப்ரவரி 5 முதல் மார்ச் 4 வரை ஒரு முறை, செப்டம்பர் 3 முதல் அக்டோபர் 21 வரை மறுமுறை. ஆண்டுச் சம்பளம் 60,000 யூரோ. அது போக, 2022இல் செய்த வேலைக்கான ஊக்கத்தொகை 6,000 யூரோ 2023 மார்ச்சில் வந்தது.

நவம்பரில் சம்பளச் சீட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோதுதான் கோளாறு தெரிந்தது. நான் அங்கே கால் வைத்த நான்கு மாதங்களுக்கும் முழு மாதச் சம்பளத்தின் மீதும், அந்த ஊக்கத்தொகையின் மீதும் ஜெர்மனி வரி பிடித்திருந்தார்கள். அதாவது 26,000 யூரோவை ஜெர்மனியில் சம்பாதித்ததாகக் கணக்கு வைத்திருந்தார்கள். மார்ச் மாதத்தில் நான் அங்கே வேலை செய்தது மூன்றே நாள்.

இங்கே என் ஆடிட்டரிடம் போனேன். அவர் உள்ளூர் வரியில் கைதேர்ந்தவர். பாஸ்போர்ட் முத்திரைகளைப் பார்த்து, அங்கே இருந்தது 77 நாள் என்று எண்ணி, 365ஆல் வகுத்து, 12,658 யூரோ என்று எழுதிக் கொடுத்தார். நியாயமாகத்தான் பட்டது. அதை அப்படியே அனுப்பினேன். சம்பளப் பிரிவிலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: நீங்கள் இருந்த நாள் வேண்டாம், வேலை செய்த நாளைச் சொல்லுங்கள். இதை எப்படி எண்ணுவது என்று பட்டவர்கள் யாராவது எழுதினால் நல்லது. நான் பட்டதை அடுத்து எழுதுகிறேன்.

ராணிப்பேட்டை வாசி:

தம்பி, இவ்வளவு சிரமமே தேவையில்லை. 183 நாளுக்குக் குறைவாக இருந்தால் அந்த நாட்டில் வரியே கிடையாது என்று இந்தியா-ஜெர்மனி வரி ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. நீங்கள் இருந்தது 77 நாள்தான். பிடித்த வரி முழுவதையும் திருப்பிக் கேளுங்கள். என் மைத்துனர் 2019இல் ஐந்து மாதம் அங்கே இருந்து ஒரு பைசா கட்டவில்லை.

காந்திநகர் அக்கா:

பதினான்கு ஆண்டுகள் ஃபிராங்ஃபர்ட்டில் சம்பளப் பிரிவில் வேலை செய்துவிட்டு ஊருக்கு வந்தவள் என்பதால் எழுதுகிறேன். ராணிப்பேட்டை சார் சொன்னது பாதிதான். 183 நாள் சலுகைக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு, மூன்றும் சேர்ந்தே நிறைவேற வேண்டும். அந்த நாட்டில் இருந்த நாள் 183ஐத் தாண்டக் கூடாது. சம்பளம் கொடுப்பவர் அந்த நாட்டைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. அங்கே உள்ள கிளை அந்தச் சம்பளச் செலவைச் சுமக்கக் கூடாது. உங்கள் மைத்துனர் சென்னை நிறுவனத்தின் சம்பளத்தில் போயிருப்பார், அதனால் தப்பினார். காட்பாடித் தம்பியின் முதலாளியே ஜெர்மானியர். அவர் ஒரே ஒரு நாள் அங்கே வேலை செய்தாலும் அந்த ஒரு நாள் சம்பளம் அங்கே வரிக்கு உட்பட்டதுதான். 183ஐ எண்ணும்போது ஞாயிறு, விடுமுறை, இறங்கிய நாள், கிளம்பிய நாள் எல்லாம் சேரும். சம்பளத்தைப் பிரிக்கும்போது வேலை செய்த நாள் மட்டுமே சேரும். இரண்டு எண்ணிக்கையையும் குழப்பிக்கொள்பவர்களே அதிகம்.

தம்பி, 260 வார நாட்களால் வகுத்துவிடாதீர்கள். கீழே வர வேண்டியது நீங்கள் அந்த ஆண்டில் உண்மையிலேயே வேலை செய்த நாட்கள். விடுப்பு, பண்டிகை, காய்ச்சலில் படுத்த நாள் ஆகிய எல்லாம், எந்த நாட்டில் கழிந்திருந்தாலும், மேலேயும் வராது, கீழேயும் வராது. சனிக்கிழமை உட்கார்ந்து வேலை செய்திருந்தால் அது இரண்டிலும் வரும்.

ஆம்பூர் அப்பா:

என் மகன் துபாய் நிறுவனம் ஒன்றில் இருக்கிறான். போன கோடையில் இங்கே வந்து 70 நாள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தான். 182 நாளுக்குள் இருந்ததால் அவன் வெளிநாட்டு வாழ் இந்தியர்தானே? அவனுக்கும் இப்படிச் சம்பளத்தைப் பிரிக்க வேண்டுமா?

காந்திநகர் அக்கா:

ஐயா, அது வேறு கேள்வி, ஆனால் கேட்டது நல்லதே. 182 என்பது அவர் இந்தியாவில் வசிப்பவரா இல்லையா என்பதற்கான எண்ணிக்கை. வசிக்காதவர் என்றே முடிவானாலும், ஆம்பூரில் உட்கார்ந்து செய்த வேலைக்கான சம்பளம் இந்திய வருமானம்தான். பணம் துபாய் வங்கியில் விழுந்தது என்பதால் அது மாறாது. ஆனால் அவருடைய முதலாளி இந்தியர் இல்லை, இங்கே கிளையும் இல்லை என்றால், மேலே சொன்ன அந்த மூன்று நிபந்தனைகளும் அவருக்குப் பொருந்தும், 183 நாள் சலுகை இங்கே வேலை செய்யும். அதற்கு அவர் வசிக்கும் நாட்டின் வசிப்புச் சான்றிதழை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். ஒரே விதிதான், தம்பிக்கு உதவாதது உங்கள் மகனுக்கு உதவுகிறது.

காட்பாடிக்காரன்:

அக்கா சொன்னபடி எண்ணத் தொடங்கியபோது, விடுப்பு மென்பொருளில் இருந்ததற்கும் என் நினைவுக்கும் இரண்டு நாள் இடித்தது. எங்கள் வீட்டில் நகைக்கடை கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று சமையலறைக் கதவின் பின்னால் தொங்குகிறது. அம்மா அதில்தான் பால் கணக்கு எழுதுவார்கள். நான் வீட்டில் இருந்தால் ஒரு லிட்டர், இல்லாவிட்டால் அரை லிட்டர். செப்டம்பர் 3 ஞாயிறு தொடங்கி அக்டோபர் 21 வரை கட்டத்துக்குக் கட்டம் ‘½’ என்று நீலப் பேனாவில் இருந்தது. ஜூலையில் மூன்று நாள் கட்டத்தின் ஓரத்தில் ‘காய்ச்சல், கஞ்சி’ என்று எழுதியிருந்தார்கள். மென்பொருளில் ஒரு நாள்தான் பதிவாகியிருந்தது. அந்த இரண்டு நாளும் அகப்பட்டது அப்படித்தான். இதை ஆதாரமாக ஜெர்மனிக்கு அனுப்ப முடியாது. விமானச் சீட்டும், அலுவலக நுழைவு அட்டைப் பதிவும், மருத்துவர் சீட்டும்தான் அனுப்பினேன். ஆனால் எதைத் தேட வேண்டும் என்று சொன்னது பால் கணக்குதான்.

கணக்கு இப்படி முடிந்தது. 2023இல் வார நாட்கள் 260. மியூனிக்கில் ஒரு சனிக்கிழமை புதிய பதிப்பை நிறுவுவதற்காக முழு நாளும் வேலை செய்தேன், அதையும் சேர்த்து 261. அதில் பண்டிகை நாட்கள் 10, விடுப்பு 26, காய்ச்சல் 5, மீதி 220. மியூனிக் நாட்கள் முதல் பயணத்தில் 20. இரண்டாவதில் ஏழு வாரத்துக்கு 35 வார நாட்கள். அக்டோபர் 3 அவர்களுடைய ஒருமைப்பாட்டு தினம் என்பதால் ஒன்று குறைந்து, அந்தச் சனிக்கிழமையால் ஒன்று கூடி, மீண்டும் 35. ஆக 55. 220இல் 55 என்றால் சரியாகக் கால் பங்கு, 15,000 யூரோ. ஊக்கத்தொகை 2022 வேலைக்கானது, 2022இல் நான் அங்கே வேலை செய்த நாள் பூச்சியம். ஆகவே அதிலிருந்து ஜெர்மனிக்கு ஒன்றுமில்லை. எந்த ஆண்டில் கையில் வந்தது என்பதல்ல, எந்த ஆண்டின் உழைப்புக்கு என்பதே கேள்வி என்று சம்பளப் பிரிவும் ஒப்புக்கொண்டது.

26,000 என்பது 15,000 ஆனது. ஆடிட்டர் சொன்ன 12,658ஐ விட அது கூடுதல்தான், அதை மறைப்பதற்கில்லை. அங்கே கடைசியாக நின்ற வரி 2,750 யூரோ.

காந்திநகர் அக்கா:

நல்ல வேளை நவம்பரிலேயே பார்த்தீர்கள். ஆண்டு ஊதிய வரிச் சான்றை நிறுவனம் அடுத்த பிப்ரவரி கடைசிக்குள் வரித் துறைக்கு அனுப்பிவிட வேண்டும். அனுப்பிய பிறகு நிறுவனமே திருத்த முடியாது. அங்கே வசிக்கும் ஊழியர் என்றால் தானே கணக்குத் தாக்கல் செய்து மீட்டுக்கொள்ளலாம். வேலூரில் வசிக்கும் இந்தியக் குடியுரிமையாளருக்கு அந்தக் கதவு பொதுவாகத் திறப்பதில்லை. பிடித்ததே இறுதி என்று ஆகிவிடும். அப்படித் தவறாகப் பிடித்ததை இந்தியாவில் கழிக்கலாம் என்று நினைக்கவும் வேண்டாம். ஒப்பந்தப்படி அவர்கள் வாங்கும் உரிமை உள்ள வரிக்குத்தான் இங்கே கழிவு.

ராணிப்பேட்டை வாசி:

அக்கா சொன்ன மூன்று நிபந்தனை எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தியாவில் மிச்சம் 45,000 யூரோவுக்கு மட்டும் வரி கட்டினால் போதும்தானே? அதற்காகத்தானே பிரிக்கிறோம்?

காட்பாடிக்காரன்:

இல்லை சார், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். நான் இந்தியாவில் வசிப்பவன், ஆகவே முழுச் சம்பளமும் ஊக்கத்தொகையும் இங்கே வருமானம்தான். அந்த 15,000 யூரோவின் மீது அங்கே கட்டிய வரிக்கும், அதே தொகைக்கு இங்கே வரக்கூடிய வரிக்கும் இடையில் எது குறைவோ, அதை மட்டும் படிவம் 67 வழியாகக் கழித்துக்கொள்ளலாம். பிரிப்பது அந்தக் கழிவின் அளவைத் தீர்மானிக்கத்தான்.

என்னை அதிகம் அலைக்கழித்தது நாட்காட்டி வேறுபாடு. அவர்களுக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை ஓர் ஆண்டு; நமக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. முதல் பயணத்தின் 20 நாள் நம்முடைய 2022-23இல் விழுகிறது, மற்ற 35 நாள் 2023-24இல். வருமானத்தை எந்த ஆண்டுகளில் காட்டுகிறோமோ அதே விகிதத்தில்தான் கழிவையும் பிரிக்க வேண்டும் என்பது விதி 128. ஆகவே 2,750இல் 1,000 முந்தைய ஆண்டுக்கு, 1,750 அடுத்ததற்கு. நானோ 2023 ஜூலையில் அவசரப்பட்டு, சம்பளச் சீட்டுகளில் பிப்ரவரி, மார்ச்சில் பிடித்திருந்த அத்தனையையும் 2022-23க்குக் கழித்துத் தாக்கல் செய்திருந்தேன். திருத்திய எண் 2024 பிப்ரவரியில் கைக்கு வந்தபோது, அந்த ஆண்டுக்கான திருத்தத் தாக்கல் கெடு டிசம்பர் 31ஓடு முடிந்திருந்தது. கூடுதலாகக் கழித்ததைப் புதுப்பித்த தாக்கல் மூலம் வட்டியோடும், அதற்கு மேல் 25 சதவீதக் கூடுதல் வரியோடும் கட்டினேன்.

குடியாத்தம் சகோதரி:

எனக்கு முதலாளி நெதர்லாந்தில். கிளம்பும் நாள் திங்கட்கிழமையாக இருந்தால் மதியம் வரை வீட்டில் வேலை செய்துவிட்டு, பிறகு சென்னைக்குக் கார் ஏறுவேன். நிறுவனம் அதை அரை நாள் என்கிறது. ஆடிட்டர் முழு இந்திய நாள் என்கிறார். விமானத்திலும் இரண்டு மணி நேரம் மடிக்கணினியைத் திறந்திருந்தேன்.

காந்திநகர் அக்கா:

மணிக்கணக்கு எழுதி வைத்திருந்தால் அரை நாள் என்று பிரிப்பதை எங்கள் இடத்தில் ஏற்றுக்கொண்டோம். விமானத்தில் செய்ததை எந்த நாட்டில் சேர்ப்பது என்பதில் எங்கள் அலுவலகத்திலேயே இரண்டு பேர் இரண்டு விதமாகச் செய்தார்கள். வருடத்துக்கு நான்கு பயணம் என்றால் பெரிய தொகை வராது. ஒரே முறையை ஆண்டு முழுவதும் கடைப்பிடியுங்கள்.

காட்பாடிக்காரன்:

என்னிடமும் தீராதது ஒன்று இருக்கிறது. 2022-23க்கான படிவம் 67இல் பழைய, பெரிய தொகைதான் இன்னும் நிற்கிறது. புதுப்பித்த தாக்கலோடு அதையும் மாற்றித் தர வேண்டும் என்கிறார் என் ஆடிட்டர். தாக்கலில் குறைத்ததே போதும் என்கிறார் அவருடைய நண்பர். இதே நிலையில் இருந்தவர்கள் எப்படிச் செய்தீர்கள்?