விற்பனைக் கணக்கை முடக்கிவிட்டார்கள், "தொடர்புடைய கணக்கு" என்கிறார்கள். மேல்முறையீட்டில் என்ன எழுதுவது?

வில்லாபுரம் சுங்குடி

வணக்கம். சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை எடுத்து ஒரு பெரிய ஆன்லைன் தளத்தில் விற்கிறேன். தனியாகக் கடை கிடையாது, வாடகை வீட்டின் முன்னறைதான் கிடங்கு. போன வாரம் கணக்கை முடக்கிவிட்டார்கள். விற்க அனுமதி இல்லாத வேறொரு கணக்கோடு என் கணக்குக்குத் தொடர்பு இருக்கிறதாம். அந்தக் கணக்கின் பெயரில் முதல் சில எழுத்துகள்தான் மெயிலில் தெரிகின்றன. எனக்கு இருப்பது ஒரே கணக்கு.

போட்டோ ஏற்றுவது, விலை மாற்றுவது எல்லாம் காமராசர் சாலையில் ஒரு தம்பி மாதம் 1,500 ரூபாய்க்குச் செய்து தருகிறார். இன்னும் சில பேருக்கும் அவர்தான் பார்க்கிறார். அதில் ஒரு மொபைல் கவர் கடையை ஏற்கெனவே மூடிவிட்டார்களாம். அந்த எழுத்துகளும் அந்தக் கடைப் பெயரோடு ஒத்துப்போகின்றன. கோபத்தில் இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை. அதை அனுப்பலாமா?

பேரையூர் மாவடு

எனக்கும் இதேதான் நடந்தது அக்கா. ஊறுகாய் பாட்டிலில் எஃப்எஸ்எஸ்ஏஐ எண் சரியாகத் தெரியவில்லை என்று தூக்கினார்கள். லேபிளை மாற்றி போட்டோ அனுப்பினேன், திறந்துவிட்டார்கள். நீங்களும் சேலை லேபிளை ஒரு தடவை பாருங்கள்.

விளக்குத்தூண் மொத்தவிலை

மாவடு, உங்களுக்கு முடங்கியது ஒரு பொருள். இவருக்குக் கணக்கே போயிருக்கிறது.

அக்கா, இதற்கு எல்லாரும் எழுதுகிற முறை ஒன்று உண்டு. தவறு எதனால் நடந்தது, என்ன சரிசெய்தோம், இனி நடக்காமல் என்ன செய்வோம், இந்த மூன்றையும் எழுதி மன்னிப்பும் கேட்டுவிடுங்கள். அவர்களோடு வாதாடி ஜெயிக்க முடியாது. கூடவே 1915க்கு போன் போட்டு புகார் கொடுங்கள். 48 மணி நேரத்தில் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று ஆன்லைன் விற்பனைக்கான 2020 நுகர்வோர் பாதுகாப்பு விதியில் இருக்கிறது.

திருநகர் கணக்கர்

கோபக் கடிதம் வேண்டாம் என்பதில் விளக்குத்தூண் அண்ணனோடு எனக்கும் உடன்பாடுதான். மற்றதில் இல்லை.

1915 நுகர்வோருக்கான எண். அந்த 48 மணி நேரமும் நுகர்வோர் புகார் வந்து சேர்ந்தது என்று ஒப்புகை தருவதற்கான கெடு. தீர்த்துவைக்க ஒரு மாதம். நீங்கள் அங்கே விற்பவர், உங்களுக்கும் தளத்துக்கும் நடுவில் இருப்பது ஒப்பந்தம். அதனால் அந்த வழி உங்களுக்கு உதவாது.

அந்த மூன்று பகுதி முறை, தாமதமாக அனுப்பியது, தரப் புகார் போன்றவற்றுக்குச் சரி. இங்கே கேள்வியே வேறு: அந்த இன்னொரு கணக்கும் உங்களுடையதா? "தவறுக்கு மன்னிக்கவும், இனி நடக்காது" என்று எழுதினால், ஆமாம் என்னுடையதுதான் என்று சொன்ன மாதிரி பதிவாகிவிடும். பிறகு அதை மாற்றுவது கஷ்டம்.

அதே சமயம் "எந்தத் தொடர்பும் இல்லை" என்றும் எழுதாதீர்கள். ஒரே கம்ப்யூட்டர், ஒரே இணைய இணைப்பு, ஒரே மொபைல் எண் என்பதெல்லாம் அவர்கள் பக்கம் பதிவாகியிருக்கும். தொடர்பு எங்கே என்று நீங்களே சொல்லிவிட்டு, உரிமை மட்டும் வேறு என்று காட்ட வேண்டும். முதலில் கணக்கு அமைப்புக்குள் போய் ஓடிபி யார் எண்ணுக்குப் போகிறது என்று பாருங்கள். எதையும் மாற்றும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், மாற்றிய பிறகு பழைய நிலையைக் காட்ட முடியாது.

முக்கியமாக, அவசரத்தில் உங்கள் கணவர் பெயரில் புதுக் கணக்கு திறந்துவிடாதீர்கள். இப்போது பொய்யாக இருக்கிற குற்றச்சாட்டு அப்போது உண்மையாகிவிடும்.

வில்லாபுரம் சுங்குடி

பார்த்தேன் சார். ஓடிபி என் எண்ணுக்கும் வருகிறது, இரண்டாவது எண்ணாக அந்தத் தம்பியுடையதும் இருக்கிறது. மொபைல் கவர் கடைக்கும் அதே எண்ணைத்தான் கொடுத்தாராம், கேட்டதும் சொல்லிவிட்டார். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவும் தயார் என்கிறார்.

திருநகர் கணக்கர்

அப்படியென்றால் சிக்கல் அந்த எண்தான். ஸ்கிரீன்ஷாட் எடுத்தாகிவிட்டது என்றால் அவர் எண்ணை நீக்கி, பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். கடிதம் இந்த அளவுக்கு இருந்தால் போதும், ஆங்கிலத்தில் மாற்றி அனுப்புங்கள்:

> எங்கள் கணக்கு மற்றொரு கணக்குடன் தொடர்புடையது என்ற உங்கள் அறிவிப்பு கிடைத்தது. அந்தக் கணக்கு எங்களுடையது அல்ல. அதில் எங்களுக்கு உரிமையோ வருமானமோ இல்லை.
>
> பொருள் விவரங்களை ஏற்றும் வேலையை மாதக் கட்டணத்துக்கு ஒருவரிடம் கொடுத்திருந்தோம். அவர் அந்தக் கணக்குக்கும் இதே வேலையைச் செய்தார். இரண்டுக்கும் ஒரே கம்ப்யூட்டரையும் தன் மொபைல் எண்ணையும் பயன்படுத்தினார். நாங்கள் அறிந்தவரை இதுதான் தொடர்பு.
>
> இணைப்பு 1: ஜிஎஸ்டி பதிவுச் சான்று, பான் அட்டை. இணைப்பு 2: எங்கள் பெயரில் ரத்து செய்த காசோலை. இணைப்பு 3: அவருக்கு மாதக் கட்டணம் அனுப்பியதைக் காட்டும் வங்கிக் கணக்கு அறிக்கை. இணைப்பு 4: அவர் கையெழுத்திட்ட கடிதம். இணைப்பு 5: அவர் எண் இருந்தபோதும் நீக்கிய பிறகும் எடுத்த ஸ்கிரீன்ஷாட்கள்.
>
> இவற்றைப் பார்த்து கணக்கை மீண்டும் திறக்கக் கேட்டுக்கொள்கிறோம். வேறு ஆவணம் தேவைப்பட்டால் உடனே அனுப்புகிறோம்.

ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்துகள். முதலில் தமிழ்நாட்டுக்கான 33, அடுத்த பத்தும் உங்கள் பான் எண்ணேதான். அதனால் பெயர், பான், வங்கி மூன்றும் ஒரே ஆளைக் காட்டுகின்றன என்பது பார்த்ததும் தெரியும். மூன்றாவது இணைப்புக்குத்தான் எடை அதிகம். மாதாமாதம் 1,500 போவது, அந்தத் தம்பி கட்டணத்துக்கு வேலை செய்யும் வெளியாள்தான் என்பதைக் காட்டும். அந்த வரிகளை மஞ்சளில் குறித்து அனுப்புங்கள். மற்ற வரவு செலவை மறைத்து வெட்டாதீர்கள், திருத்திய ஆவணம் என்று நிராகரிக்க வாய்ப்பு உண்டு.

வாடிக்கையாளர் பாராட்டு, குடும்பக் கஷ்டம், வக்கீல் பேச்சு எதுவும் வேண்டாம். அனுப்பிவிட்டு பதில் வரும்வரை மறுபடி அனுப்பாமல் இருங்கள்.

விளக்குத்தூண் மொத்தவிலை

சின்னாளபட்டி பில்லையும் சேர்த்து வைக்கலாமே? சரக்கு உண்மையானது என்று தெரியுமே.

திருநகர் கணக்கர்

சரக்கு போலி என்று அவர்கள் சொல்லவே இல்லையே அண்ணே. கேட்காததைக் கொடுத்தால், படிப்பவர் கேட்டதைத் தேட வேண்டியிருக்கும். பில் கையில் தயாராக இருக்கட்டும், கேட்டால் கொடுக்கலாம்.

வில்லாபுரம் சுங்குடி

அனுப்பினேன், பதில் வந்துவிட்டது. தொழில் நடக்கும் முகவரிக்கு மின் கட்டண ரசீது கேட்கிறார்கள். ரசீது வீட்டு ஓனர் பெயரில் இருக்கிறதே, என்ன செய்வது?

திருநகர் கணக்கர்

ரசீதோடு வாடகை ஒப்பந்தத்தையும், அங்கே தொழில் செய்ய ஓனர் கொடுத்த சம்மதக் கடிதத்தையும் சேர்த்து வையுங்கள். ஜிஎஸ்டி பதிவுக்குக் கொடுத்த அதே கடிதம் இருந்தால் நல்லது. கதவு எண், தெருப் பெயர் இந்த மூன்றிலும் ஜிஎஸ்டி சான்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். மின் ரசீதில் பழைய கதவு எண்ணே இருப்பது நம் ஊரில் சகஜம். அப்படி இருந்தால் பழைய எண், புதிய எண் இரண்டும் உள்ள சொத்து வரி ரசீதை ஓனரிடம் கேட்டு வாங்குங்கள்.

வில்லாபுரம் சுங்குடி

நீங்கள் சொன்னது போலவே பழைய எண்தான் இருந்தது. வரி ரசீதையும் சேர்த்து அனுப்பினேன், நேற்று கணக்கைத் திறந்துவிட்டார்கள். சேலைகள் மறுபடி பட்டியலில் தெரிகின்றன. ஆனால் முடக்கத்துக்கு முன்னால் விற்ற பணம் இன்னும் "நிறுத்தி வைக்கப்பட்டது" என்றே காட்டுகிறது. அதற்குத் தனியாக எழுத வேண்டுமா?

பேரையூர் மாவடு

எனக்கு அடுத்த பட்டுவாடாவில் தானாக வந்துவிட்டது அக்கா.

திருநகர் கணக்கர்

கணக்கே முடங்கினால் அப்படித்தான் வரும் என்று சொல்ல முடியாது. அடுத்த பட்டுவாடா தேதி வரை பாருங்கள். வராவிட்டால் பணம் பற்றி மட்டும் தனிப் புகார் போடுங்கள், இந்தக் கடிதத்தோடு சேர்க்க வேண்டாம். மொபைல் கவர்காரர் கணக்கு எதற்காக மூடப்பட்டது என்று தம்பியிடம் கேட்டீர்களா?

வில்லாபுரம் சுங்குடி

கேட்டேன் சார், அவருக்கும் தெரியவில்லை.